கீ ரிசல்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்?

கோரமங்களாவிலிருந்து:
வணக்கம். இட்லி மாவு பாக்கெட் போடும் எங்கள் சிறு நிறுவனத்துக்கு முதலீடு உறுதியாகிவிட்டது. பணம் கைக்கு வந்தபின் வேலை எப்படி நகர்கிறது என்று பார்க்க, தொழில் திட்டத்தில் ஓகேஆர் பகுதி எழுதுகிறேன்: ஓர் ஆப்ஜெக்டிவ், அதை எட்டினோமா என்று அளந்து காட்டும் கீ ரிசல்ட்டுகள். ஆப்ஜெக்டிவுக்கு 'நோக்கம்' போதும். கீ ரிசல்ட்டை 'முக்கிய முடிவு' என்றேன். கூட்டாளி அதைத் 'தீர்மானம்' என்று எடுத்துக்கொண்டு, "20 கடைகளுக்குக் குளிர்பெட்டி வாங்குவது" என்று எழுதிவிட்டார்.

மல்லேசுவரத்திலிருந்து:
தம்பி, 'முடிவு' என்ற சொல்தான் அவரைத் திசைதிருப்பியது. பெட்டி வாங்குவது செலவு. வாங்கியதால் என்ன மாறியது என்பதே அங்கே வரவேண்டும். புளித்துத் திரும்பி வரும் பாக்கெட் நூற்றுக்கு எத்தனை?

கோரமங்களா:
18, அக்கா.

மல்லேசுவரம்:
அப்படியென்றால் "திரும்பி வருவது 18இலிருந்து 8 ஆகும்" என்று எழுதுங்கள். தொடக்க எண் இல்லாவிட்டால் பிறகு எதை வைத்து அளப்பீர்கள்? இன்னொன்று: கடைக்குக் குறைவாக அனுப்பினாலும் இந்த எண் இறங்கிவிடும். அதனால் பக்கத்திலேயே "வார விற்பனை 4,000 பாக்கெட்டுக்குக் கீழே போகாது" என்றும் போடுங்கள். இன்டெலில் இந்த முறையை வளர்த்த ஆண்டி குரோவ், ஓர் அளவைத் தனியாக விடாமல் ஜோடி சேர்க்கச் சொன்னவர். சொல்லுக்கு என் பரிந்துரை 'விளைவுக்குறி'.

அல்சூரிலிருந்து:
'எட்டுகுறி' எப்படி? எட்டவேண்டிய குறி. கூகுளில் கீ ரிசல்ட்டுக்கு 1க்கு 0.7 மதிப்பெண் வந்தாலே வெற்றி என்பார்கள், ஆகவே 18இலிருந்து 11 வந்தாலே போதும்.

மல்லேசுவரம்:
பாதி சரி. 0.7 என்பது எட்டாத உயரத்துக்குக் கை நீட்டும் குறிகளுக்கு. முதலீட்டாளருக்குக் கொடுத்த வாக்கு முழுதாக நிறைவேற வேண்டும். எது எந்த வகை என்று ஒவ்வொன்றின் அருகிலும் எழுதிவிடுங்கள். 'எட்டுகுறி' என்றால் எட்டுக் குறிகளா என்று கேட்பார்கள்.

பீன்யாவிலிருந்து:
என் லேத் பட்டறைக் கடனுக்கு வங்கி கேட்டது பில்லும் ஆடிட்டர் கையெழுத்தும்தான். 'பயன்பாட்டுச் சான்று' என்ற சொல் ஏற்கனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு? ஆனால் ஒன்று: ஏப்ரல்-ஜூன் என்று திட்டம் போட்டேன். பணம் வந்தது மே பாதியில். முதல் காலாண்டே தோல்வி என்று தெரிந்தது.

மல்லேசுவரம்:
ஐயா, அந்தச் சான்று பணம் எங்கே போனது என்று சொல்லும். தம்பி கேட்பது பணம் என்ன செய்தது என்பதை. ஆனால் உங்கள் அனுபவம் இங்கே அப்படியே பொருந்தும். கணக்கில் பணம் விழும் நாளே முதல் நாள், அதிலிருந்து 13 வாரம் என்று எழுதவேண்டும். தவணையாக வந்தால் ஒவ்வொரு தவணைக்கும் தனிக்கணக்கு.

கோரமங்களா:
அப்படியே திருத்திவிட்டேன். 'விளைவுக்குறி' எனக்குப் பிடித்தது. கூட்டாளிக்கோ 'குறி' என்றாலே குறி சொல்வதுதான் நினைவுக்கு வருகிறதாம், 'விளைவளவு' என்கிறார். இரண்டையும் தாளில் எழுதி மாவு அரைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். ஆட்கள் வாயில் எது வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.