பனையேறிப் படத்துக்கு ஒரு சொல் வேண்டும்: ‘சோடனை’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் பாளையங்கோட்டையில் நடந்த ஒரு படக்காட்சிக்குப் படக்குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். ஒரு படத்தில் திசையன்விளைப் பக்கத்துப் பனையேறி ஒருவர், பாதி மரத்தில், இடுப்பில் கலயத்தோடு. ‘அதிகாலையில் பதநீர் இறக்க ஏறுகிறார் ஒரு பனைத் தொழிலாளி’ என்று எழுதினேன். படம் எடுத்தவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

இரண்டாம் நாள் ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று சிரித்தார். “நிழலப் பாருங்க தம்பி, மரத்து மூட்டுலயே கெடக்கு. இது உச்சி வெயிலு. இடுப்புல அருவாப்பெட்டியக் காணோம். பாளையச் சீவாம வெறுங்கலயத்தை மேல கொண்டுபோயி என்ன செய்வாரு?” கேமராவில் பதிந்த தேதியைப் பார்த்தேன். அக்டோபர் கடைசி. பதநீர்க் காலமே இல்லை. படம் எடுத்தவரைக் கேட்டதில், ஒளி சரியாக விழவில்லை என்று மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னதாக ஒப்புக்கொண்டார்.

ஆள் உண்மை, மரம் உண்மை, ஏறியதும் உண்மை. என் குறிப்புதான் பொய். இப்படிப் படத்துக்காகவே, கேட்டதன் பேரில் நடப்பதைத் தமிழில் என்ன சொல்லலாம்? ஆங்கிலத்தில் மேடையை வைத்து ஒரு சொல் உண்டு. ‘மேடையேற்றிய படம்’ என்றால் அரங்கேற்றம் மாதிரி இருக்கிறது.

— சு., பாளை

~

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சோடனைப் படம். ‘சோடித்த வழக்கு’ என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும். படம் எடுப்பவர் வாயைத் திறந்து ஒன்று சொன்னாலே அது சாட்சி இல்லை. சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

— பேட்டை வக்கீல் குமாஸ்தா

~

தம்பி, நான் தென்காசியில் 40 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். நாடியைக் கொஞ்சம் தூக்குங்க, மூச்சைப் பிடிங்க என்று சொல்லாமல் ஒரு படம் எடுத்ததில்லை. பின்னால் திரையில் தாஜ்மகால். அவ்வளவும் சோடனை என்றால் பாதித் தென்காசியின் கல்யாணப் படங்களும் சோடனைதான். டச்சிங் செய்வதைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அதற்கு ‘மெருகு’ என்போம்.

— ஸ்டூடியோ அண்ணாச்சி

~

அண்ணாச்சி, தம்பி கேட்டது மெருகைப் பற்றி இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தாஜ்மகால் திரையைப் பார்த்து யாரும் இவர்கள் ஆக்ராவுக்குப் போனார்கள் என்று நம்புவதில்லை. உட்கார்ந்தவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். பனையேறி படத்தில் பார்ப்பவருக்கு மட்டும் தெரியாது. பேட்டைக்காரர் இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறார்.

‘சோடனை’ குற்றப்பத்திரிகைச் சொல். அதைக் குறிப்பில் போட்டால் மரத்தில் ஏறியவரும் உடந்தையாகத் தெரிவார்.

1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கெட்டிஸ்பர்க்கில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த ஒரு படம் உண்டு. பாறைகளுக்கு நடுவே கல்லடுக்கின் பின்னால் ஒரு வீரன் செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் துப்பாக்கி சாய்த்திருக்கிறது. மறைந்திருந்து சுடுபவனின் இடம் என்று தலைப்பு. நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நம்பினார்கள். 1975-இல் வில்லியம் ஃபிராசனிட்டோ என்ற ஆய்வாளர், அன்று அங்கே எடுத்த மற்றப் படங்களோடு இதை வைத்துப் பார்த்தார். அதே உடல் வேறு இடத்தில், சரிவில் கிடக்கிறது. ஏறத்தாழ 40 கஜம் தூக்கிவந்து கல்லடுக்கின் பின்னால் கிடத்தியிருக்கிறார்கள். துப்பாக்கியும் மறைந்திருந்து சுடுபவர்கள் வைத்திருக்கும் வகை இல்லை. சாவு உண்மை. இடமும் தொழிலும் கதை. அந்தக் கதையைப் பாதி சொன்னது உடலை வைத்த விதம், மீதியைச் சொன்னது தலைப்பு.

தமிழில் இதற்கு இலக்கணமே இருக்கிறது: பிறவினை. செய்தான், செய்வித்தான். ‘செய்வித்த படம்’ எனலாமே.

— கல்லிடைக்குறிச்சி வாத்தியார்

~

வாத்தியார் ஐயா, ‘செய்வித்த’ அழகாக இருக்கிறது. ஆனால் நான் பத்திரிகையில் பக்கம் கட்டியவள். குறிப்பின் கடைசியில் அடைப்புக்குள் ‘செய்வித்த படம்’ என்று போட்டுப் பாருங்கள். இடம் போதாத அன்றைக்கு முதலில் போவது அந்த அடைப்புதான். இணையத்தில் பகிர்பவர் அதையும் விட்டுவிடுவார். வினையிலேயே உண்மை இருந்தால் வெட்ட முடியாது. ‘செய்து காட்டு’, ‘பாடிக் காட்டு’ என்று வீட்டில் சொல்கிறோமே? ‘மரத்தில் ஏறுகிறார்’ என்பதை ‘ஏறிக் காட்டுகிறார்’ ஆக்குங்கள். வெட்டுவதானால் பயனிலையை வெட்ட வேண்டும், அப்புறம் வாக்கியமே நிற்காது.

— வள்ளியூரிலிருந்து, ஜெ.

~

‘காட்டுப் படம்’ என்று கலைச்சொல் பட்டியலில் போட்டால் களக்காட்டுப் புலி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

— பேட்டை

~

ஜெ. சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, கார்ட்னர் படத்தில் செத்தவன் எதையும் செய்து காட்டவில்லை. அங்கே ‘கிடத்தி எடுத்த படம்’ என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு, ‘ஏறிக் காட்டுகிறார்’ என்றால் அவராக ஆசைப்பட்டு வித்தை காட்டியது போலவும் படலாம். கேட்டது யார் என்பது அதில் இல்லை. விதிமுறை எழுதப் பெயர்ச்சொல் வேண்டும், அதற்குச் ‘செய்வித்த படம்’ இருக்கட்டும்.

அண்ணாச்சிக்கு ஒன்று. பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும் என்று நானே சொன்னேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்த படங்களைப் பாருங்கள். எலும்பும் தோலுமானவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து எடுத்தது. நிறுத்தி எடுத்த படம் என்று பார்த்தவுடனே தெரியும், யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் நிற்கத் தெம்பில்லாதவரிடம் ‘அசையாதே’ என்று சொன்னதை எந்தச் சொல்லில் வைப்பது?

— கல்லிடை வாத்தியார்

~

எங்கள் ஸ்டூடியோவில் அப்படி யாரும் வந்ததில்லை. வந்திருந்தால் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

— ஸ்டூடியோ அண்ணாச்சி

~

நான் திசையன்விளைக்காரன். சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். வெறும் கலயத்தோடு உச்சி வெயிலில் மூன்று தடவை ஏறினாரே, கூலி கொடுத்தார்களா? படம் எடுத்தவர் பேர் கீழே இருக்கிறது, ஏறினவர் பேர் எங்கே?

— வி., திசையன்விளை

~

வி. கேட்டது நியாயம். நேற்று அந்தப் பனையேறிக்குப் போன் போட்டேன். 300 ரூபாய் கொடுத்தார்களாம். புதுக் குறிப்பைப் படித்துக் காட்டினேன்: ‘பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் பனையேறுபவர், படம் எடுப்பவர் கேட்டதால் அக்டோபர் நண்பகலில் ஏறிக் காட்டுகிறார்.’ நீளம்தான், ஆனால் கேட்டது யார் என்பதும் வந்துவிட்டது. சரிதான் என்றார். பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. அருவாப்பெட்டி இல்லாம நிக்கிற படத்துல எம்பேரப் போட்டா ஊர்ல சிரிப்பானுவ. மாசி பொறந்ததும் வாங்க, பெட்டியோட ஏறுதேன், அதுக்குப் போடுங்க” என்றார்.

இப்போதைக்குப் பெயர் இல்லாமல்தான் தொங்குகிறது. ‘செய்வித்த’, ‘கிடத்தி எடுத்த’ இரண்டையும் பட்டியலில் கேள்விக்குறியோடு சேர்த்திருக்கிறேன். வாத்தியார் கடைசியில் கேட்டதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் அனுப்புங்கள்.

— சு., பாளை