கெய்ரோ சட்டைக்கு எந்தத் தமிழ்?

மீரா: கெய்ரோ துணிக்கடையில் நடக்கும் ஒரு சின்னப் பேரத்தைத் தமிழாக்குகிறேன். ஒரே உரையாடல் எகிப்துப் பேச்சு அரபியிலும் இருக்கிறது, எழுத்து அரபியான ஃபுஸ்ஹாவிலும் இருக்கிறது. ஃபுஸ்ஹாவைச் செந்தமிழிலும் மற்றதைப் பேச்சுத் தமிழிலும் போட்டால் சரிதானே?

பழையபேனா: சரிதான். "இச்சட்டையின் விலை யாது?", "இந்தச் சட்டை எவ்வளவுங்க?" இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். நமக்கும் இரட்டை வழக்கு இருக்கிறதே.

நைல்கரை: பாதிதான் சரி. ஃபுஸ்ஹாவில் "பிகம் ஹாதல் கமீஸ்?", எகிப்தில் "பிகாம் இல்-அமீஸ் தா?" விலை கேட்கும் சொல் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது என்னவென்றால் 'இந்த' என்பது சட்டைக்குப் பின்னால் போய் 'தா' ஆகிறது, 'கமீஸ்' தன் தொண்டைக் 'க'வை விட்டுவிட்டு 'அமீஸ்' ஆகிறது. தமிழில் இந்த இடமாற்றத்தைக் காட்ட வழியில்லை, 'சட்டை இந்த' என்று எழுதினால் கடைக்காரர் தமிழ் தெரியாதவர் போல ஆகிவிடுவார். அப்புறம் "யாது" என்று யாரும் எழுதக்கூட மாட்டார்கள், ஃபுஸ்ஹாவோ செய்தியில் தினமும் கேட்கும் மொழி. அதற்கு மேடைத் தமிழ் போதும்.

ரியாத்ராஜா: நான் ரியாத்தில் 11 வருஷம் இருந்தேன், அங்கே "பிகம் ஹாதா" என்றால் எந்தக் கடையிலும் வேலை நடக்கும். வேண்டும் என்பதற்கு "அப்கா" போதும். இதற்கு ஏன் இவ்வளவு குழப்பம்?

நைல்கரை: அது வளைகுடா அண்ணே, அவர் கேட்டது கெய்ரோ. அங்கே 'வேண்டும்' என்பதை ஆண் "ஆயிஸ்" என்பான், பெண் "ஆய்ஸா" என்பாள், ஃபுஸ்ஹாவின் "உரீது" இருவருக்கும் ஒன்று. மீரா, வாங்குபவர் பெண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் "எனக்கு வேணும்" என்றதும் அது மறைந்துவிடும்.

மீரா: பெண்தான். கடைசியில் காசு நீட்டும்போது கடைக்காரர் "கல்லி" என்கிறார். 'விடு' என்று அகராதி சொல்கிறது. இலவசமாகத் தருகிறாரா?

ரியாத்ராஜா: இலவசமேதான், அரபிகள் தாராளம்.

நைல்கரை: ஐயோ, நம்பி நடந்துவிடாதீர்கள். "இருக்கட்டும், பரவாயில்லை" என்கிற மரியாதை அது. மறுபடி நீட்டினால் வாங்கிக்கொள்வார். நான் முதல் தடவை "நன்றி" சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இருக்கட்டுங்க" என்று போடுங்கள், நம்மூர்க் கடைக்காரரும் சில நேரம் இப்படித்தான் சொல்வார்.

பழையபேனா: அப்படியென்றால் அதே வரியின் ஃபுஸ்ஹா வடிவத்துக்கு என்ன போடுவது?

நைல்கரை: அங்கேதான் எனக்கும் இடிக்கிறது. ஃபுஸ்ஹாவில் யாரும் இப்படிப் பேரம் பேசுவதில்லை. பேசினால் கடைக்காரருக்குப் புரியும், ஆனால் பதில் பேச்சு வழக்கான ஆமிய்யாவில்தான் வரும். அந்தப் பத்தியே பாடப்புத்தகத்துக்காகச் செய்தது, தமிழிலும் கொஞ்சம் செயற்கையாகவே இருக்கட்டும் என்பேன்.

பழையபேனா: செயற்கை வேண்டுமென்றால் என் "யாது" என்ன பாவம் செய்தது?

மீரா: "இந்தச் சட்டையின் விலை என்ன?" என்று போட்டுவிட்டேன். சண்டையை நீங்கள் தொடருங்கள்.