புதுப்பிப்பு: நீங்கிய இன்ஸ்டாகிராம் பதிவுகள் மீண்டும் கிடைத்தன

என் முந்தைய கேள்வி: "கைபட்டு நீங்கிவிட்ட இன்ஸ்டாகிராம் பதிவுகளை மீட்க வழி உண்டா?"

உண்டு. காப்பகத்தில், அதாவது Archive பகுதியில், தேடச் சொன்ன நண்பரின் யோசனை பாதிதான் சரி. பதிவுகளில், நாமாக மறைத்துவைத்தவை மட்டுமே அங்கே இருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னபடி Your activity பக்கத்தினுள் Recently Deleted பகுதியைத் திறந்தபோது, நீங்கிய பதிவுகள் அத்தனையும் இருந்தன. ஒவ்வொரு சிறுபடத்தின் மேலும், அது நிரந்தரமாக அழிய இன்னும் எத்தனை நாள் என்ற எண் தெரிந்தது. பதிவுகளுக்கும் ரீல்ஸுக்கும் 30 நாள் அவகாசம் உண்டு. காப்பகத்தில் சேராத ஸ்டோரிக்கோ 24 மணி நேரம்தான் என்பதால், அதை முதலில் மீட்பதே புத்திசாலித்தனம்.

சிக்கல் Restore அழுத்திய பிறகுதான் வந்தது. கணக்கு நம்முடையதே என்று உறுதிசெய்யக் கேட்கப்பட்ட குறியீடு, நான் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போயிற்று. அந்த அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல்லை மீட்டு, குறியீட்டை எடுத்து இட்ட பின்னரே பதிவுகள் தத்தம் பழைய தேதியிலேயே பக்கத்தில் வந்து அமர்ந்தன. ஆகவே நாள் எண்ணிக்கை குறைவாக இருப்பவர்கள், தொடர்பு விவரங்களை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ் தளத்தில் அழித்த பதிவைப் பற்றி இடையில் கேட்டவருக்கு: அங்கே இப்படியொரு குப்பைத்தொட்டியே கிடையாது. முன்பே தரவிறக்கிய நகல் இருந்தால்தான் உண்டு. ஃபேஸ்புக்கின் Trash பகுதியில் 30 நாள் அவகாசம் இருக்கிறது. நான் மீட்ட இன்ஸ்டாகிராம் பதிவுகளில் ஒன்றில் மட்டும் விருப்பங்களின் எண்ணிக்கை குறைந்து தெரிகிறது; காரணம் அறிந்தவர்கள் சொல்லலாம்.