வாழைப்பழ ஓட்ஸ் ஸ்மூத்தி: தனித்தனியாகக் கூட்டினால் 434 கலோரி, செயலியில் 220. எது சரி?

காலைநடை
ஒரு மோரிஸ் பழம், 40 கிராம் ஓட்ஸ், 250 மி.லி. டோன்டு பால். மிக்ஸியில் அடித்து முழுவதையும் நானே குடிக்கிறேன், சர்க்கரை சேர்ப்பதில்லை. பழத்தை நிறுத்தால் 150 கிராம். மூன்றையும் செயலியில் தனித்தனியாகப் போட்டால் 434 கலோரி. ‘வாழைப்பழ ஓட்ஸ் ஸ்மூத்தி, 1 கிளாஸ்’ என்று போட்டால் 220. அடித்தால் கலோரி குறையுமா? ஓட்ஸைப் பாலில் காய்ச்சி, பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் மதியம் வரை தாங்குகிறது. ஸ்மூத்தி என்றால் பதினோரு மணிக்கே பசி.

சமையல்கட்டு
கலோரி குறையாது. ஆனால் மிக்ஸியில் நார்ச்சத்து அழிந்துவிடும், பசிக்கு அதுதான் காரணம்.

தராசு
நார்ச்சத்து அழியாது, பொடியாகும், அவ்வளவுதான். வடிகட்டினால்தான் குறையும்.

காலைநடை, 150 கிராம் தோலோடு நிறுத்ததா? தோல் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு இருக்கும். உரித்த பழம் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் 89 கலோரி. ஓட்ஸ் 152, பால் சுமார் 148. மொத்தம் 390க்குப் பக்கம். மாவுச்சத்து 62 கிராம், புரதம் 14, கொழுப்பு 10. புரதத்தில் பாதிக்கு மேல் பாலிலிருந்து வருகிறது.

செயலியின் 220 வேறு யாரோ போட்ட அளவு. உங்களுடையது கிட்டத்தட்ட 400 கிராம். அடித்ததும் நுரை சேர்ந்து ஜாரில் அரை லிட்டர் போலத் தெரியும். அது இரண்டு கிளாஸ், நீங்கள் ஒன்று என்று பதிகிறீர்கள். காலி ஜாரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகப் போட்டு எடையைக் குறியுங்கள். ஓட்ஸ் பதியும்போது வேகாதது என்பதையே தேர்ந்தெடுங்கள். வெந்ததில் தண்ணீர் சேர்ந்திருப்பதால் 100 கிராமுக்கு 70 கலோரிதான் காட்டும்.

மதுரைக்காரி
அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பாலைக் குறைத்துக் கொடுக்கலாமா அண்ணா?

தராசு
பாலில் வருவது 12 கிராம் மாவுச்சத்துதான் அம்மா. மீதி 50 கிராம் பழத்திலும் ஓட்ஸிலும் இருக்கிறது, குறைப்பதானால் அங்கேதான். ஒருநாள் அடித்தும் இன்னொரு நாள் தனித்தனியாகவும் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். அந்த அளவுகளை மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யுங்கள்.

காலைநடை
உரித்து நிறுத்தேன், 102 கிராம். கணக்கு தெளிவாகிவிட்டது, நன்றி. ஆனால் இரண்டிலும் கலோரி ஒன்றே என்றால் பசி ஏன் மாறுகிறது?

தராசு
ஸ்மூத்தி இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். கஞ்சியும் பழமும் கால் மணி நேரம் எடுக்கும், மென்றும் சாப்பிடுகிறோம். காய்ச்சிய ஓட்ஸ் கெட்டிப்படுவதும் சேரலாம். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒருநாள் ஸ்மூத்தியைக் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனால் மெதுவாகச் சாப்பிட்டுப் பாருங்களேன்.

சமையல்கட்டு
ஓட்ஸை வேகவைத்து ஆறவிட்டு அடித்தும் பாருங்கள். எனக்கு அது கொஞ்சம் தாங்கும்.