பிராம்ப்டை நாலாகப் பிரித்தும் அறிக்கையில் தப்பு வருகிறது, அவசர உதவி

கயல்07
நாளைக்குள் அறிக்கை தர வேண்டும். ஏஐ மாடலிடம் ஒரே பிராம்ப்டில் கேட்டால் மேலோட்டமாக எழுதுகிறது என்று வேலையை நாலாகப் பிரித்தேன்: கருத்துகளைச் சுருக்கு, தலைப்புவாரியாகப் பிரி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பகுதி எழுது, கடைசியில் சேர். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் மூலத்தில் இல்லாதது எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. எங்கே சரிசெய்வது?

வேணு
எத்தனை கருத்துகள்? ஒவ்வொரு படிக்கும் எதைக் கொடுக்கிறீர்கள், முந்தைய படியின் விடையை மட்டுமா, மூலத்தையும் சேர்த்தா? வந்த தப்பில் ஒன்றையாவது போடுங்கள்.

சதுரன்
டெம்பரேச்சரை 0 ஆக்குங்கள், கற்பனை நின்றுவிடும்.

கயல்07
ஒரு பயிற்சி வகுப்பு பற்றி 212 கருத்துகள், விரிதாளில் இருக்கின்றன. முந்தைய படியின் விடை மட்டும்தான் அடுத்ததற்குப் போகிறது. நேரம் போதவில்லை என்று 37 பேர் எழுதியிருந்தார்கள், அறிக்கையில் "பெரும்பாலானோர்" என்று இருக்கிறது. ஒவ்வொரு படி முடிந்ததும் "சரிபார்" என்றும் கேட்கிறேன், சரி என்றுதான் சொல்கிறது. டெம்பரேச்சர் 0 வைத்தேன், அதே தப்பு அப்படியே திரும்ப வந்தது.

அரசு
இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது. 212 கருத்து இன்றைய மாடலுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஒரே பிராம்ப்டில் அடங்கும். அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் இந்தச் சங்கிலி எதுவும் தேவைப்படாது.

வேணு
அடங்குவது வேறு, எண்ணுவது வேறு அரசு அண்ணா. 212 வரிகளையும் படித்துவிட்டு 37 என்று சரியாகச் சொல்லும் என்று நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கயல், உங்கள் சிக்கல் முதல் படியில் இருக்கிறது. அது உரைநடையாகச் சுருக்கும்போதே 37 "பலர்" ஆகிவிடுகிறது. மூன்றாவது படி அந்தப் "பலர்" என்ற சொல்லை மட்டும்தான் பார்க்கிறது, அது "பெரும்பாலானோர்" என்று எழுதியதில் வியப்பில்லை. 212-இல் 37 ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

முதல் படியில் சுருக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கருத்துக்கும் வரிசை எண், தலைப்பு, மூலத்திலிருந்து எழுத்து மாறாமல் எடுத்த ஒரு மேற்கோள், இந்த மூன்றை மட்டும் ஜேசனாகக் கேளுங்கள். பிறகு மேற்கோள் உண்மையிலேயே அந்தக் கருத்தில் இருக்கிறதா என்று நிரல் பார்க்கட்டும், மாடல் வேண்டாம்:

```python
for r in rows:
    if r["quote"] not in source[r["id"]]:
        print(r["id"])
```

தவறிய வரிகளை மட்டும், ஏன் தவறின என்று சொல்லி, திரும்ப அனுப்புங்கள். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், அதன் பிறகும் நிற்பதை நீங்களே படித்துவிடுங்கள். தலைப்புக்கு எத்தனை பேர் என்பதையும் நிரலே எண்ணட்டும். பகுதி எழுதும் படிக்கு அந்த எண்ணையும் மேற்கோள்களையும் கொடுத்து, "இதற்கு வெளியே எந்த அளவுச் சொல்லும் வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

அதே உரையாடலில் "சரிபார்" என்பதில் பெரிய பயன் இல்லை, தான் எழுதியதற்கே அது தலையாட்டும். புது உரையாடலில் ஒரு வாக்கியத்தையும் அதற்கான மேற்கோள்களையும் மட்டும் வைத்து, இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மல்லி
எனக்கு மொழிபெயர்ப்பில் இதே கதை. மூன்றாவது அத்தியாயம் வந்ததும் கலைச்சொல் மாறிவிடும். இப்போது சொற்பட்டியலை ஒவ்வொரு படியிலும் கூடவே கொடுக்கிறேன், மாறுவதில்லை.

அரசு
படி கூடக் கூடப் பிழை நுழையும் இடமும் கூடுகிறது, அதை யாரும் சொல்வதில்லையே.

வேணு
உண்மைதான், சோதனை இல்லாத படியைச் சேர்க்கவே கூடாது. கயலின் கடைசிப் படியை, அந்தச் சேர்க்கும் படியை, நானாக இருந்தால் எடுத்தே விடுவேன். பகுதிகளை ஒட்ட நிரல் போதும், மாடலிடம் கொடுத்தால் திரும்பவும் எழுதிவிடும்.

அரசு
ஒட்டினால் நடை உடைந்து கிடக்கும். அறிக்கையை மனிதர்தானே படிக்கப் போகிறார்?

கயல்07
செய்தேன். 60-க்கும் மேல் தவறுகிறது, ஆனால் கண்ணால் பார்த்தால் மேற்கோள் அப்படியே இருக்கிறது! "போதவில்லை", "கொஞ்சம்" இருக்கிற வரிகள்தான் அதிகம் தவறுகின்றன.

மல்லி
அது யூனிகோடு. "போ" என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. இரண்டு பக்கத்தையும் இப்படி மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

கயல்07
இப்போது 5 தான் தவறுகிறது, அந்த 5-உம் நிஜமாகவே அது தானாக எழுதியவை. நன்றி. ஒரே கருத்தில் நேரமும் கட்டணமும் சேர்ந்து வந்தால் எந்தத் தலைப்பில் எண்ணுவது? இப்போதைக்கு இரண்டிலும் எண்ணுகிறேன், கூட்டினால் 212-ஐத் தாண்டுகிறது. அனுப்பிவிட்டு வருகிறேன்.