எவர்சில்வர் டம்ளர்: பின்னணியை வெள்ளையாக்கினால் ஓரம் மறைஞ்சு போகுது

பாத்திரக்கடை: ஆன்லைன்ல டம்ளர் விக்கிறேன். முதல் படத்துக்குப் பின்னணி 255, 255, 255ன்னு சுத்த வெள்ளையா இருக்கணும், பொருள் 85 சதவீதம் நிறையணும்னு கேக்கிறாங்க. ஜன்னலோரம் வெள்ளை சார்ட் மேல வச்சு போன்ல எடுத்தேன். சார்ட் சாம்பலா, 228தான் வருது. வெளிச்சத்தை ஏத்தினா சார்ட் வெளுக்குது, கூடவே டம்ளரோட இடது ஓரமும் கரைஞ்சிடுது. ரெண்டு தடவை படம் திரும்பி வந்துடுச்சு.

செருப்புமாமா: பின்னணி நீக்குற ஆப்ல போடுங்க, பத்து செகண்டு வேலை. நான் செருப்பு முழுக்க அப்படித்தான் பண்றேன்.

பாத்திரக்கடை: போட்டேன் சார், பாதி டம்ளரைக் கடிச்சு எடுத்துடுச்சு.

நிழல்பெட்டி: கடிக்கத்தான் செய்யும். எவர்சில்வர் கண்ணாடி மாதிரி. டம்ளர் ஓரத்துல தெரியுறதே உங்க வெள்ளை சார்ட்டுதான், ஆப் அதை எப்படிப் பிரிக்கும்? ரெண்டு கறுப்பு சார்ட் துண்டு வெட்டி, டம்ளருக்கு ரெண்டு பக்கமும் படத்துல விழாத அளவுக்கு நெருக்கி நிறுத்துங்க. ஓரத்துல மெல்லிசா கறுப்புக் கோடு விழும். அதுதான் உருவத்தைத் தாங்கும்.

சார்ட் சாம்பலா வர்றது போன் செய்யுற வேலை. படம் முழுக்க வெள்ளையைப் பாத்தா அதுவே வெளிச்சத்தைக் குறைச்சிடும். திரையைத் தொட்டு சூரியக் குறியைக் கொஞ்சம் மேல இழுங்க. சார்ட்டை ரெண்டு அடி பின்னால தள்ளி அதுக்குன்னு தனி பல்பு போடுங்க. டம்ளரை விட பின்னணி பளிச்சுன்னு இருந்தாத்தான், பிறகு கிம்ப்னு படம் திருத்துற மென்பொருள்ல லெவல்ஸ் திறந்து வெள்ளை முனையை 255ல இருந்து 240க்கு இழுத்தாலும் டம்ளர் கரையாது. கண்ணை நம்பாதீங்க. கிம்ப்ல `Threshold` திறந்து 255ல வையுங்க; சாம்பல் படிஞ்ச இடமெல்லாம் கறுப்பாத் தெரியும்.

வேட்டிக்கரை: அண்ணே, என் வெள்ளை வேட்டிக்கும் கறுப்பு சார்ட்டா?

நிழல்பெட்டி: வேண்டாம், துணி கண்ணாடி மாதிரி பிரதிபலிக்காது. பக்கவாட்டுல ஒரே விளக்கு வச்சு மடிப்புல நிழல் விழ வையுங்க.

பாத்திரக்கடை: ஓரம் அப்படியே நின்னுடுச்சு! ஆனா வெட்டினா 85 சதவீதம் வருது, படம் சின்னதாயிடுது.

நிழல்பெட்டி: எடுத்த படத்துல டம்ளர் எத்தனை பிக்ஸல் உயரம்?

பாத்திரக்கடை: 600.

நிழல்பெட்டி: 600ஐ 0.85ஆல வகுத்தா 706. சதுரம் 706தான் கிடைக்கும், ஜூமுக்கு 1000 வேணும். எடுக்கும்போதே 2x வச்சு நிரப்புங்க. போனைக் கிட்ட கொண்டுபோகாதீங்க, வாய் பெருத்து அடி சிறுத்துத் தெரியும். 2000 சதுரத்துல 1700 உயரம் இருந்தா சரி.

பாத்திரக்கடை: திரும்ப எடுத்தேன், 1700 வந்துடுச்சு. திரெஷோல்டுல அடிப்பாகத்துல மட்டும் ஒரு கறுப்புத் திட்டு, 247. டம்ளரோட நிழல்.

செருப்புமாமா: வெள்ளை பிரஷ்ல அழிச்சிடுங்க.

நிழல்பெட்டி: முழுசா அழிச்சா டம்ளர் அந்தரத்துல தொங்கும். நான் மெல்லிசா விட்டுத்தான் அனுப்புறேன், எனக்குத் திரும்பி வந்ததில்லை. உங்க தளத்துல எப்படின்னு ஒரு படம் அனுப்பிப் பாத்துச் சொல்லுங்க.