புதுப்பிப்பு: 45 நாள் கடனா, 2% ரொக்கத் தள்ளுபடியா?

போன மாதம் நான் கேட்டது: “பைப் கடை வைத்திருக்கிறேன். கான்ட்ராக்டர்களுக்கு 45 நாள் கடன், எனக்கு பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி வருடம் 12%. பத்து நாளில் பணம் தந்தால் 2% குறைக்கலாமா?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“2% எங்கே, 12% எங்கே, தாராளமாகக் கொடுங்க” என்றார் ஒருவர். அது பாதிதான் சரி. 35 நாள் முன்னால் வரும் பணத்துக்கு 2% என்றால் வருடக் கணக்கில் 20%க்கு மேல். நூல் வியாபாரம் செய்யும் அண்ணன்தான், “பில்லில் எழுதின நாளை விடுங்க, பணம் வந்த நாளைப் பாருங்க” என்றார். லெட்ஜரைப் புரட்டினேன். சராசரி 75 நாள்! அப்படிப் பார்த்தால் 65 நாள் முன்னால் வரும் பணத்துக்குத்தான் 2%, வருடக் கணக்கில் 12%க்குள் அடங்கிவிடும்.

மாதம் 1% வீதம் இரண்டரை மாதத்துக்கு 2.5%. அதனால் ₹1000 சரக்குக்கு விலை ₹1025 ஆக்கினேன். ரொக்கக்காரருக்கு 2% போக ₹1004.50, பத்து நாள் வட்டி ₹3 சொச்சம் போனாலும் ஆயிரம் நிற்கிறது. கடன்காரரிடமும் அதேதான்.

எதிர்பாராதது ஒன்று. ஒருவர் நாற்பதாம் நாள் வந்து, 2% கழித்துக்கொண்டே செக் நீட்டினார். இப்போது பில் முழுத்தொகைக்குத்தான். பத்து நாளுக்குள் பணம் ஏறிய பிறகே அந்த 2%க்கு கிரெடிட் நோட். அதில் ஜிஎஸ்டியை எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் இன்னும் பேசவில்லை.